மேலே எறிந்த பந்தும் சரி/தவறு வாக்கியங்களும்: விரிவுரைக் குறிப்பிலிருந்து தப்பெண்ணத்தைப் பிடிப்பது எப்படி?

ஊசல் · ஜூன் 4, இரவு 9.12

முதலாண்டு விசையியலில் செங்குத்தாக மேலே எறிந்த பந்து பற்றி நான்கு பக்க விரிவுரைக் குறிப்பு இருக்கிறது. அதிலிருந்து இருபது சரி/தவறு வாக்கியங்கள் தயாரித்தேன். குறிப்பில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தேன், பாதி வாக்கியங்களில் மட்டும் ஒரு சொல்லை மாற்றினேன். "புவியீர்ப்பு முடுக்கம் கீழ்நோக்கி இருக்கும்" என்றால் சரி, "மேல்நோக்கி இருக்கும்" என்றால் தவறு.

ஏறக்குறைய எல்லோரும் முழு மதிப்பெண். ஆனால் பந்து மேலே போகும் படத்தைப் போட்டு, அதன் மேல் உள்ள விசைகளை அம்புக்குறியால் காட்டுங்கள் என்றால், அதே ஆட்களில் பலர் மேல்நோக்கி ஒரு அம்பு வரைகிறார்கள். இருபது வாக்கியமும் எதைக் கோட்டை விட்டன?

நிகரவிசை · ஜூன் 4, இரவு 10.05

குறிப்பில் இருந்த வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும்தான் அவை கேட்டன. "முடுக்கம் கீழ்நோக்கி" என்பது படித்த பாடம். "மேலே போகிற பொருளை ஏதோ ஒன்று மேலே தள்ளிக்கொண்டுதான் இருக்க வேண்டும்" என்பது பாடத்துக்கு முன்னாலிருந்தே உள்ள நம்பிக்கை. இரண்டும் ஒரே தலைக்குள் சண்டை இல்லாமல் இருக்கும். முதலாவதை எத்தனை விதமாகக் கேட்டாலும் இரண்டாவது வெளியே வராது.

குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, மேல்நோக்கி அம்பு வரைந்தவரின் கதையை அவர் வாயால் சொல்வதுபோல் முழுதாக எழுதுங்கள். அநேகமாக இப்படி வரும்: "கை கொடுத்த விசை பந்தோடு போகுது. போகப் போகக் குறையுது. புவியீர்ப்புக்குச் சமமாகும்போது பந்து நிக்குது. அப்புறம் புவியீர்ப்பு ஜெயிக்குது, பந்து கீழே வருது."

இது உளறல் அல்ல, முன்பின் முரணில்லாத கதை. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அது ஒரு விடை தரும். மேலே போகும்போது நிகர விசை மேல்நோக்கி. உச்சியில் சுழி. கீழே வரும்போது கீழ்நோக்கி. இயற்பியலின் விடை மூன்று கட்டத்திலும் கீழ்நோக்கி.

மூன்றாம் கட்டத்தில் இரண்டு விடையும் ஒன்றே என்பதைப் பாருங்கள். கீழே விழும் பகுதியைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியங்களுக்குத் தப்பெண்ணம் உள்ளவரும் சரியான விடைதான் போடுவார். அவற்றால் ஆளைப் பிரிக்க முடியாது. உங்கள் இருபதில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்களேன்.

ஊசல் · ஜூன் 4, இரவு 10.31

எண்ணினேன். ஒன்பது. மீதி பதினொன்றில் ஏழு, சூத்திரத்தில் குறியை மாற்றியவை.

மணல்கடிகாரம் · ஜூன் 5, காலை 7.20

அப்படியானால் வேலை சுலபம். தப்பெண்ணங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக்கினால் போதும். "மேலே போகும் பந்தின் மேல் நிகர விசை மேல்நோக்கி", "உச்சியில் முடுக்கம் சுழி" என்று பத்து எழுதலாம். எல்லாமே தவறு. யார் "சரி" போடுகிறாரோ அவர் மாட்டிக்கொள்வார்.

நிகரவிசை · ஜூன் 5, காலை 8.02

முதல் பாதி சரி சார். ஆனால் எல்லாம் தவறாக இருந்தால் நான்காவது வாக்கியத்திலேயே பிடிபட்டுவிடும். வாக்கியம் இயல்பாகக் காதில் விழுந்தாலே தவறு என்று போட்டுவிடுவார்கள். அது இயற்பியல் அல்ல, வினாத்தாளின் வாடையைப் பிடிப்பது.

அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் எழுத வேண்டும். உண்மையான வாக்கியம், ஆனால் தப்பெண்ணம் உள்ளவருக்கு அபத்தமாகத் தெரிய வேண்டும். எழுதக் கடினமானது இந்த வகைதான், அதிகம் காட்டிக்கொடுப்பதும் இதுதான்.

எண்களோடு செய்து பார்ப்போம். பந்தின் நிறை 200 கிராம், கையை விடும்போது திசைவேகம் விநாடிக்கு 15 மீட்டர் மேல்நோக்கி, g = 10 என்று வைத்துக்கொள்வோம், காற்றுத்தடை இல்லை. v = u − gt போட்டால், 1 விநாடியில் பந்து 5 மீ/வி வேகத்தில் மேலே போகிறது. 1.5 விநாடியில் உச்சி. 2 விநாடியில் அதே 5 மீ/வி, ஆனால் கீழ்நோக்கி. 1 விநாடியிலும் 2 விநாடியிலும் உயரம் அதே 10 மீட்டர். இந்த இரண்டு கணங்களும் நமக்குக் கிடைத்த வரம். உயரம் ஒன்று, வேகம் ஒன்று, திசை மட்டும் வேறு.

வாக்கியம் 1: "1 விநாடியில் பந்தின் மேல் உள்ள நிகர விசை மேல்நோக்கி இருக்கிறது." தவறு. கதையை நம்புபவர் சரி என்பார்.

வாக்கியம் 2: "1 விநாடியிலும் 2 விநாடியிலும் பந்தின் மேல் உள்ள நிகர விசை அளவிலும் திசையிலும் ஒன்றே." சரி. கதையை நம்புபவர் தவறு என்பார், ஏனென்றால் ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது.

வாக்கியம் 3: "1.5 விநாடியில், திசைவேகம் சுழியாக இருக்கும் கணத்தில், பந்தின் மேல் உள்ள நிகர விசை 2 நியூட்டன்." சரி. கதையின்படி அங்கே இரண்டும் சமமாகி ஒன்றை ஒன்று அடித்துவிட வேண்டும், அதனால் தவறு என்பார்.

மூன்றுக்கும் விடை குறிப்பில் எந்த வரியிலும் நேரடியாக இல்லை. ஆனால் குறிப்பைப் புரிந்துகொண்டவருக்கு மூன்றும் ஒரே வரியில் முடிந்துவிடும்: கையை விட்டபின் பந்தைத் தொடுவது எதுவுமில்லை, எடை மட்டும்தான்.

புதுவாசகி · ஜூன் 5, மதியம் 1.45

இழையின் தலைப்பைப் பார்த்து, விரிவுரைக் குறிப்பிலேயே இருக்கும் தப்பெண்ணங்களைக் கண்டுபிடிப்பது பற்றி என்று நினைத்து வந்தேன். எங்களுக்குத் தந்த குறிப்பில் ஒரு வரி: "எறிந்த விசை தீர்ந்ததும் பந்து திரும்பி வருகிறது." இது தவறுதானே? இதை யாரிடம் கேட்பது?

நிகரவிசை · ஜூன் 5, மதியம் 2.10

தவறுதான்மா. பாடம் நடத்தியவரிடமே போய், "கையை விட்டபின் அந்த விசையைச் செலுத்துவது எந்தப் பொருள்?" என்று கேளுங்கள். தீர்வதற்கு அங்கே விசையே இல்லை. பந்தோடு போவது உந்தம், குறைவதும் அதுதான்.

இழை இதைப் பற்றியது இல்லை என்றாலும் நீங்கள் சொன்னது ஊசலுக்கு மிகவும் தேவை. வாக்கியம் எழுத உட்காருவதற்கு முன் குறிப்பில் "தீர்ந்ததும்", "வெல்கிறது", "தாங்க முடியாமல்" போன்ற சொற்களைத் தேடுங்கள். பாதி நேரம் தப்பெண்ணத்தின் விதை அங்கேதான் இருக்கும். குறிப்பைத் திருத்தாமல் வினா கொடுத்தால், "நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது" என்று மாணவர் காட்டுவார். அவர் சொல்வது நியாயம்.

மணல்கடிகாரம் · ஜூன் 5, மாலை 6.33

காற்றுத்தடை பற்றி ஒரு சந்தேகம். "காற்றுத்தடை இல்லை" என்று தலைப்பில் ஒருமுறை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நிஜப் பந்தை நினைத்துக்கொண்டு விடை போடுவார்கள். அப்போது மேலே உள்ள மூன்று வாக்கியங்களுமே குலைந்துவிடுமே? நன்றாகத் தெரிந்தவர் தவறு என்று போட்டால் அவரையும் தப்பெண்ணக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

நிகரவிசை · ஜூன் 5, இரவு 8.50

நல்ல பிடி. ஆனால் மூன்றும் குலையாது, ஒன்றுதான் குலையும்.

காற்றுத்தடை இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். ஏறும்போது தடையும் கீழ்நோக்கி, எடையும் கீழ்நோக்கி. நிகர விசை எடையைவிட அதிகம், திசை கீழ்நோக்கியே. எனவே வாக்கியம் 1 காற்றிலும் தவறுதான், இன்னும் அழுத்தமாகத் தவறு. உச்சியில் வேகம் சுழி, ஆகவே தடையும் சுழி, மிஞ்சுவது எடை மட்டும். நிகர விசை 2 நியூட்டனாகவே இருக்கும். உச்சியை அடையும் நேரம் 1.5 விநாடியைவிடச் சற்று முன்னால் வந்துவிடும், அதனால் மணிக்கணக்கை எடுத்துவிட்டு "உச்சியில்" என்று மட்டும் எழுதினால் வாக்கியம் 3 தப்பிக்கும். காற்றில்லாத நிலையை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லியாக வேண்டியது வாக்கியம் 2-க்குத்தான். ஏறும்போது எடையோடு தடை கூடும், இறங்கும்போது எடையிலிருந்து கழியும். இரண்டும் ஒன்றாக இருக்காது.

இதை எல்லா வாக்கியத்துக்கும் ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். விட்டுவிட்ட விளைவைச் சேர்த்தால் விடை மாறுகிறதா? மாறாவிட்டால் அப்படியே விடுங்கள். மாறினால் நிபந்தனையை அதே வாக்கியத்தில் எழுதுங்கள், தாளின் தலைப்பில் அல்ல.

ஊசல் · ஜூன் 6, காலை 6.58

புதிதாக எழுதியதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, "மேலே போகும் பந்தில் விசை இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். நன்றாகப் படிக்கும் ஒருவர் சரி என்று போட்டார். கேட்டால், "புவியீர்ப்பு விசை இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரி.

இரண்டு, அதைத் திருத்தி "மேலே போகும்போது கை பந்தின் மேல் விசை செலுத்துகிறது" என்று எழுதினேன். எல்லோரும் தவறு என்று சரியாகப் போட்டுவிட்டார்கள், மேல்நோக்கி அம்பு வரைந்தவர்கள் உட்பட.

நிகரவிசை · ஜூன் 6, காலை 9.15

இரண்டாவது இன்னும் ஆழமான பாடம். அவர்கள் நம்புவது "கை இன்னும் தள்ளுகிறது" என்பதை அல்ல. கை விட்டுவிட்டது என்று கண்ணால் பார்க்கிறார்கள். "கை கொடுத்தது பந்துக்குள் இருக்கிறது" என்பதுதான் நம்பிக்கை. நீங்கள் யாரும் நம்பாத ஒன்றை மறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாக்கியம் நம்பிக்கையின் வடிவத்துக்கு ஒரு நூலிழை விலகினாலும் அது நழுவிவிடும்.

முதலாவது, தமிழிலேயே உள்ள பிரச்சினை. பேச்சில் "போர்ஸா வந்தது" என்றால் வேகமும் அடக்கம், உந்தமும் அடக்கம். "பந்தில் விசை இருக்கிறது" என்று எழுதினால் படிப்பவர் அந்தப் பேச்சு அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார். விசை ஒரு பொருளில் "இருப்பது" இல்லை, ஒரு பொருளின் மேல் இன்னொன்று செலுத்துவது. "பந்தின் மேல் செயல்படும் விசைகளை எல்லாம் கூட்டினால் கிடைப்பது மேல்நோக்கி இருக்கும்" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் நழுவ இடமில்லை. "நிகர" என்ற சொல் புரியாதவருக்கும் புரியும்.

இதே வரிசையில் எடையும் நிறையும். கடையில் கிலோவை எடை என்றுதான் சொல்கிறோம். "நிலவில் பொருளின் எடை குறையும்" என்ற வாக்கியத்துக்குத் தவறு போடுபவர் இயற்பியலில் தடுமாறினாரா, சொல்லில் தடுமாறினாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. "சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் நிலவில் குறைவாகக் காட்டும்" என்று அளவியை வைத்து எழுதினால் அந்தக் குழப்பம் போய்விடும்.

மின்கலம் · ஜூன் 6, மாலை 5.40

எனக்குத் தேவை மின்சுற்று. "பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், அடுத்த பல்புக்குக் குறைவாகத்தான் போகும்" என்பதைப் பிடிக்க இப்படி எழுதினேன்: "தொடரில் உள்ள இரண்டு பல்புகளில் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது அதிகமாக ஒளிரும்." விடை தவறு. ஆனால் ஆய்வகத்தில் கட்டிப் பார்த்தபோது உண்மையிலேயே முதல் பல்பு அதிகமாக ஒளிர்ந்தது. மாணவர்கள் இப்போது என்னை நம்புவதில்லை.

நிகரவிசை · ஜூன் 6, இரவு 7.25

இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டியிருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகளுக்கும் இழையின் மின்தடையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். தொடரில் மின்னோட்டம் ஒன்றே என்பதால் மின்தடை அதிகமுள்ளது அதிகமாக ஒளிரும். மாற்றிப் போட்டால் பிரகாசம் பல்போடு போகும், இடத்தோடு இருக்காது.

தாளில் "முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள்" என்று சேர்த்தே ஆக வேண்டும். கூடவே உண்மையான ஜோடி ஒன்றையும் வையுங்கள்: "முதல் பல்புக்கு முன்னால் வைத்த அம்மீட்டரும் இரண்டாம் பல்புக்குப் பின்னால் வைத்த அம்மீட்டரும் ஒரே அளவைக் காட்டும்." தின்றுவிடும் கதையை நம்புபவர் இதற்குத் தவறு போடுவார்.

ஊசல் · ஜூன் 7, இரவு 9.03

மதிப்பெண் எப்படிப் படிப்பது? கண்ணை மூடிப் போட்டாலே பாதி சரியாக வருமே.

நிகரவிசை · ஜூன் 7, இரவு 10.20

கூட்டிப் பார்க்காதீர்கள், கோலத்தைப் பாருங்கள். 1, 2, 3 மூன்றும் ஒரே கதையைக் குறிவைப்பவை. அந்தக் கதையை நம்புபவரின் விடை சரி, தவறு, தவறு என்று வரும். குருட்டாம்போக்கில் போடுபவருக்கு இதே கோலம் அமைய எட்டில் ஒரு வாய்ப்பு. நாற்பது பேர் வகுப்பில் எல்லோருமே குருட்டாம்போக்கில் போட்டாலும் ஐந்து பேர் அளவில் இப்படி வரும். இருபது பேருக்கு வந்தால் அது தற்செயல் இல்லை. ஆறு பேருக்கு வந்தால் எதுவும் சொல்ல முடியாது.

மூன்றையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். வாக்கியம் 2-ஐப் படித்ததும் பின்னால் போய் 1-ஐத் திருத்துவார்கள். நடுவில் வேறு பொருள் பற்றிய நான்கைந்து வாக்கியங்கள் இருக்கட்டும்.

வாக்கியம் 3 மட்டும் தவறாகி 1, 2 சரியாக இருந்தால் அது வேறு நோய். அவருக்கு விசையில் குழப்பம் இல்லை, "திசைவேகம் சுழி என்றால் முடுக்கமும் சுழி" என்ற தனிப் பிழை. அதற்கு எறிந்த பந்தை வைத்து இன்னும் விளக்கிப் பயனில்லை. திசைவேகம்–நேரம் வரைபடத்தைப் போட்டு, கோடு அச்சை வெட்டும் இடத்தில் அதன் சாய்வு மாறுகிறதா என்று கேட்க வேண்டும்.

மணல்கடிகாரம் · ஜூன் 8, காலை 7.45

"தெரியவில்லை" என்று மூன்றாவது கட்டமும் கொடுத்தால் குருட்டாம்போக்கே இருக்காதே.

நிகரவிசை · ஜூன் 8, காலை 8.30

குறையும். ஆனால் தன்னம்பிக்கை குறைந்தவர்கள் எல்லாவற்றுக்கும் அதிலேயே போய் ஒளிந்துகொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடைக்குப் பக்கத்தில் "ஏனென்றால்" என்று ஒரு வரி எழுதச் சொல்வதே மேல்.

மின்கலம் · ஜூன் 8, காலை 9.10

நாற்பது பேர் எழுதிய ஒரு வரியை யார் படிப்பது சார்? நான் மூன்றாவது கட்டத்தோடுதான் இருக்கிறேன். தப்பெண்ணத்தை நம்புபவர் தெரியவில்லை என்று போட மாட்டார், அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமே. அந்த நிச்சயம்தான் எனக்கு வேண்டும்.

நிகரவிசை · ஜூன் 8, காலை 9.40

அந்த வாதம் வலுவானது. மூன்று வாக்கியங்களுக்கு மட்டும் காரணம் கேட்டால் படிக்கும் சுமை குறையும் என்றாலும், நீங்கள் சொன்னதற்கு அது பதில் இல்லை.

இன்னொன்று. தாளை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்காதீர்கள். தவறான வாக்கியம் அச்சில் நேர்த்தியாக, நம்பும்படி இருக்கிறது. சில நாள் கழித்து அந்த வரிதான் ஞாபகம் இருக்கும், தவறு என்ற முத்திரை உதிர்ந்துவிடும். அதே வகுப்பில் விடையைச் சொல்லி, "1: தவறு. பந்தைத் தொடுவது எதுவுமில்லை, எடை மட்டும் கீழ்நோக்கி" என்று ஒவ்வொன்றுக்கும் சரியான வாக்கியத்தைப் பக்கத்திலேயே எழுத வையுங்கள்.

புதுவாசகி · ஜூன் 8, இரவு 8.15

அவரிடம் கேட்டேன். வரியை "உந்தம் சுழியானதும்" என்று மாற்றிவிட்டார். மேலே உள்ள மூன்று வாக்கியத்தையும் நானே போட்டுப் பார்த்தேன், மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். வரைபடத்தில் அச்சை வெட்டும் இடத்தில் சாய்வு மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் விட்டது.

ஊசல் · ஜூன் 9, இரவு 9.50

இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டேன். விழும் பகுதி வாக்கியங்கள் ஒன்பதும் போயின. ஒன்றில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை: "உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறது." இது சரியா, தவறா?

மணல்கடிகாரம் · ஜூன் 9, இரவு 10.02

சரி. திசைவேகம் சுழி.

மின்கலம் · ஜூன் 9, இரவு 10.11

தவறு. "நிற்கிறது" என்றால் கொஞ்ச நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். சுழி திசைவேகம் ஒரே ஒரு நேரப்புள்ளியில்தான், எந்த இடைவெளியிலும் இல்லை.

நிகரவிசை · ஜூன் 9, இரவு 10.40

நிற்பது என்றால் ஓட்டம் ஓய்வதும்தான், நின்றுகொண்டிருப்பதும்தான். ஒரே வினைச்சொல்லில் இரண்டும் இருக்கும்வரை இந்த வாக்கியத்துக்கு விடைக்குறிப்பு எழுத முடியாது, எடுத்துவிடுவது பாதுகாப்பு. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் நம்பிக்கை பிடிக்கத் தகுந்தது. உச்சிக்கு 0.1 விநாடி முன்னும் பின்னும் பந்து உச்சியிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் கீழே இருக்கும். 0.2 விநாடி அந்த 5 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால்தான் கண்ணுக்கு நிற்பதுபோல் தெரிகிறது. "உச்சியைச் சுற்றி, மிகச் சிறியதானாலும், பந்தின் திசைவேகம் மாறாமல் இருக்கும் ஒரு நேர இடைவெளி உண்டு" என்று எழுதிப் பார்க்கலாம். தவறு என்பது விடை.

மின்கலம் · ஜூன் 10, காலை 6.50

விடை சரி. ஆனால் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெளிவு உள்ளவருக்கு அந்தத் தப்பெண்ணமே இருக்காதே?

ஊசல் · ஜூன் 10, காலை 7.05

எனக்கும் அதே சந்தேகம். இரண்டு வடிவத்தையும் தாளில் தள்ளித் தள்ளி வைத்துக் கொடுக்கிறேன். "நிற்கிறது" வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை, காரணம் எழுதும் வரி உண்டு. வியாழன் வகுப்பு முடிந்ததும் அந்த வரிகளை இங்கே போடுகிறேன்.